பொருளை மீளப்பெறும் அறிவித்தலைத் திருத்தி எழுதுவது எப்படி

யாழ்ப்பாண நகரில் ஓர் அச்சகத்தில் எழுத்துத் திருத்துபவனாக வேலை செய்கிறேன். கல்யாண அழைப்பிதழ், அந்தியேட்டிக் கல்வெட்டு, லேபல், துண்டுப்பிரசுரம் எல்லாம் என் மேசைக்கு வரும். ஒரு நாள் காலை, சத்துமா தயாரித்து விற்கும் ஒருவர் ஓர் அறிவித்தலைக் கொண்டுவந்து, மாலைக்குள் ஐந்நூறு பிரதி வேண்டும் என்றார். விற்ற பொருளைத் திரும்பப் பெறும் அறிவித்தல் அது. திருத்தத் தொடங்கி, கடைசியில் முழுவதையும் புதிதாகவே எழுதினோம். முதன்முறையாக இப்படி ஓர் அறிவித்தல் எழுத நேர்கிறவர்களுக்கு அந்த வேலையைப் படிப்படியாகச் சொல்கிறேன். இலக்கங்களையும் திகதிகளையும் மாற்றியிருக்கிறேன்.

அவர் கொண்டுவந்தது இதுதான்:

> எமது வாடிக்கையாளர்களுக்கான அறிவித்தல்
> எமது நிறுவனம் உயர்ந்த தர நியமங்களைத் தொடர்ந்து பேணி வருவது யாவரும் அறிந்ததே. அண்மையில் மேற்கொள்ளப்பட்ட பரிசோதனையின்போது, குறிப்பிட்ட சில சத்துமாப் பொதிகளில் லேபலில் குறிப்பிடப்படாத நிலக்கடலைப் புரதம் அடங்கியிருக்கக்கூடும் எனக் கண்டறியப்பட்டுள்ளது. இது மிக அரிதாகச் சிலருக்கு அசௌகரியத்தை ஏற்படுத்தலாம். எனவே முன்னெச்சரிக்கை நடவடிக்கையாக, 2420-22 தொகுதிகள் சுயவிருப்பின் பேரில் மீளப்பெறப்படுகின்றன. இது தொடர்பில் உரிய நடவடிக்கை எடுக்குமாறு வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம். ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்.

இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் இதை ஒரு தாய் அடுப்படியில் பொதியைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால், பிள்ளைக்கு இன்று காலை இந்த மாவைக் கரைத்துக் கொடுக்கலாமா கூடாதா என்பது அவருக்குத் தெரியாது. அறிவித்தல் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது ஒன்றுதான்.

முதலில் நடந்ததைக் கேட்டு அறியுங்கள்

வசனத்தில் கை வைப்பதற்கு முன், என்ன நடந்தது என்று உரிமையாளரிடம் சாதாரணமாகப் பேசிக் கேளுங்கள். எழுதும்போது மறைகிற விடயங்கள் பேசும்போது வெளியே வந்துவிடும்.

அவர்கள் இரண்டு வகை மா செய்கிறார்கள். பச்சைப் பொதியில் வருவது சாதாரண சத்துமா. மஞ்சள் பொதியில் வருவது கச்சான் சேர்த்தது. இரண்டும் ஒரே அரைவை இயந்திரத்தில்தான் அரைபடுகின்றன. கச்சான் மா அரைத்தால், இயந்திரத்தைக் கழற்றித் துப்புரவாக்கிய பின்பே பச்சைப் பொதிக்கு அரைக்க வேண்டும். அந்த வாரம் ஒருவர் விடுமுறையில் நின்றதால் அது தவறிவிட்டது.

"எப்படி ஐயா கண்டுபிடித்தீர்கள்?" என்று கேட்டேன். சற்றுத் தயங்கினார். "ஒரு பிள்ளைக்கு உடம்பெல்லாம் தடித்துவிட்டது, தம்பி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். இப்போது சுகம். அதற்குப் பிறகுதான் மாவைப் பரிசோதனைக்கு அனுப்பினோம்" என்றார்.

அவருடைய தாளில் இந்தப் பிள்ளை இல்லை. 'அண்மையில் மேற்கொள்ளப்பட்ட பரிசோதனை' மட்டும் இருந்தது. அறிவித்தலின் பாரம் முழுவதும் அந்தப் பிள்ளையில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். பிள்ளையின் பெயரோ ஊரோ தேவையில்லை. நடந்தது தெரிந்தால் போதும்.

ஆபத்தை ஒரே வசனத்தில் எழுதுங்கள்

அந்த வசனத்தில் மூன்று விடயங்கள் இருக்க வேண்டும்: பொதிக்குள் என்ன இருக்கிறது, அது யாருக்கு ஆகாது, ஆகாதவர் சாப்பிட்டால் என்ன நடக்கும். பழைய தாளில் முதலாவது புரியாத சொல்லில் இருந்தது. மற்ற இரண்டும் 'சிலர்', 'அசௌகரியம்' என்ற சொற்களுக்குள் ஒளிந்திருந்தன. அதே 'அசௌகரியம்' கடைசி வரியிலும் வருகிறது. பிள்ளைக்கு மூச்சடைப்பதற்கும், கடைக்கு ஒருமுறை திரும்பப் போவதற்கும் ஒரே சொல்.

'நிலக்கடலை' இன்னும் பெரிய சிக்கல். புத்தகத் தமிழில் அது சரியான சொல்தான். ஆனால் எங்கள் ஊரில் அதைக் கச்சான் என்போம். கடலை என்றால் இங்கே கொண்டைக்கடலை. கோயில் வாசலில் அவித்துத் தாளித்து விற்பது. இந்தச் சத்துமாவின் லேபலில் சேர்மானப் பட்டியலில் அரிசி, உளுந்து, பயறு ஆகியவற்றுடன் 'கடலை' ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே 'நிலக்கடலை அடங்கியிருக்கக்கூடும்' என்று படிப்பவர், இதில் கடலை இருப்பது எனக்குத் தெரியும்தானே என்று தாளை மடித்து வைத்துவிடுவார். கச்சானைக் கச்சான் என்றே எழுதினோம். இந்தியத் தமிழர் கையிலும் தாள் சேரலாம் என்பதால், 'நிலக்கடலை, வேர்க்கடலை' என்று ஒரு தடவை மட்டும் பக்கத்தில் சேர்த்தோம். 'புரதம்' என்ற சொல்லை எடுத்துவிட்டோம். ஒவ்வாமையை உண்டாக்குவது புரதந்தான், ஆனால் சத்துமா வாங்குகிறவருக்குப் புரதம் ஒரு நல்ல செய்தி.

அடுத்து, ஆபத்தைச் சிறிதாக்கிக் காட்டும் சொற்கள். 'மிக அரிதாக', 'முன்னெச்சரிக்கை நடவடிக்கையாக', 'சுயவிருப்பின் பேரில்' ஆகிய மூன்றும் படிப்பவரின் அச்சத்தைத் தணிப்பதற்காகவே எழுதப்படுகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 13 முதல் நடைமுறையில் இருக்கும் 2023/988 இலக்கப் பொதுப் பொருட் பாதுகாப்பு ஒழுங்குவிதி, மீளப்பெறும் அறிவித்தல்களில் இத்தகைய சொற்கள் இடம்பெறவே கூடாது என்கிறது. இதுவரை விபத்து ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்வதையும் அது அனுமதிப்பதில்லை. அந்தச் சட்டம் உணவுக்கும் இலங்கைக்கும் உரியதல்ல. ஆனாலும் அது விலக்கிய சொற்களை ஒரு தாளில் எழுதி என் மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறேன். எந்த அறிவித்தல் வந்தாலும் முதலில் அவற்றைத் தேடி வெட்டுவேன்.

'முன்னெச்சரிக்கை' என்ற சொல்லை விட உரிமையாளருக்கு மனமில்லை. "ஒரு பிள்ளைக்கு ஏற்கெனவே தடித்துவிட்டது, ஐயா. இனி இதை முன்னெச்சரிக்கை என்று எப்படிச் சொல்வது?" என்றேன். கொஞ்ச நேரம் தாளையே பார்த்திருந்துவிட்டு, வெட்டச் சொன்னார்.

இன்னொன்றையும் ஆபத்துப் பகுதியில் சேர்த்தோம். சத்துமாவைக் காய்ச்சித்தான் கொடுக்கிறோம். கொதிக்க வைத்தால் கெட்டது போய்விடும் என்பது எல்லா வீட்டிலும் உள்ள நம்பிக்கை. கிருமிக்கு அது பெரும்பாலும் பொருந்தும். கச்சான் ஒவ்வாமைக்குப் பொருந்தாது. வறுத்தாலும் அவித்தாலும் அந்தப் புரதம் ஒவ்வாமையை உண்டாக்கும் தன்மையை முற்றாக இழப்பதில்லை. இதை எழுதாவிட்டால், 'நன்றாகக் காய்ச்சிக் கொடுத்தால் சரி' என்று யாராவது முடிவெடுப்பார்கள்.

எந்தப் பொதி என்பதில் சந்தேகம் வைக்காதீர்கள்

'2420-22' என்றால் என்ன? 2420 முதல் 2422 வரையா, அல்லது '2420-22' என்பதே ஓர் இலக்கமா? கடைக்காரர் ஒருவர் பொதியில் '2420-22' என்றே தேடி, கிடைக்கவில்லை என்று எல்லாவற்றையும் தட்டில் விட்டுவிடலாம். வீச்சாக எழுத வேண்டாம். ஒவ்வோர் இலக்கத்தையும் தனித்தனியே எழுதுங்கள்: 2420, 2421, 2422.

எழுதுவதற்கு முன் அந்த எல்லை சரியா என்றும் கேட்க வேண்டும். அவர் பரிசோதனைக்கு அனுப்பியது 2420 மட்டுந்தான். 2421, 2422 ஏன் சேர்ந்தன என்று கேட்டேன். கச்சான் மா அரைத்தது ஜூன் 10. அதன்பின் 11, 12, 13 ஆகிய மூன்று நாளும் கழுவாத இயந்திரத்தில் பச்சைப் பொதிக்கான மா அரைத்திருக்கிறார்கள். 14ஆம் திகதி காலைதான் கழற்றிக் கழுவியிருக்கிறார்கள். கழுவிய நாள் வேலைப் பதிவேட்டில் கையொப்பத்தோடு இருந்தது. ஆகவே எல்லை சரி. கழுவியதற்குப் பதிவு இல்லையென்றால் 2423ஐயும் சேர்க்கச் சொல்லியிருப்பேன். முதற் பொதிகளில் கச்சான் கூடுதலாகவும் பிந்தியவற்றில் குறைவாகவும் இருந்திருக்கலாம். ஆனால் கடுமையான ஒவ்வாமை உள்ள பிள்ளைக்குச் சிறிதளவும் போதும் என்பதால் அந்த வேறுபாட்டை அறிவித்தலில் காட்டவில்லை.

பொதியின் அளவையும் எழுதுங்கள். இந்த மா 250 கிராமிலும் 500 கிராமிலும் வருகிறது. பழைய தாளில் அளவே இல்லை. அளவு சொல்லாவிட்டால் ஒவ்வொருவரும் தன் வீட்டில் இருப்பது வேறு அளவு என்று எண்ணிக்கொள்ள இடமுண்டு. திகதியில் மாதத்தைச் சொல்லாக எழுதுங்கள். 11/12 என்பது டிசம்பர் 11ஆ, நவம்பர் 12ஆ என்று வெளிநாட்டில் இருக்கும் உறவினர் குழம்புவார். எங்கள் சத்துமா பயணப் பெட்டிகளில் எவ்வளவு தூரம் போகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

மஞ்சள் பொதியைப் பற்றி என்ன எழுதுவது? 'மஞ்சள் பொதிகளில் பிரச்சினை இல்லை' என்று எழுதத்தான் உரிமையாளர் விரும்பினார். விற்பனை கெடக்கூடாது என்ற கவலை நியாயமானது. ஆனால் அந்த வசனம் இந்த அறிவித்தலிலேயே மிக ஆபத்தானதாக ஆகியிருக்கும். மஞ்சள் பொதியில் கச்சான் சேர்மானமாகவே இருக்கிறது. ஒவ்வாமை உள்ள பிள்ளையின் தாய் பச்சையைக் கொடுத்துவிட்டு மஞ்சளை வாங்கிப் போவார். ஆகவே 'மஞ்சள் பொதியை மீளப்பெறவில்லை. ஆனால் அதில் கச்சான் உண்டு. ஒவ்வாமை உள்ளவர்கள் அதையும் சாப்பிடக் கூடாது' என்று எழுதினோம்.

கடைசியாக, எங்கள் வீடுகளின் வழக்கம் ஒன்று. பொதியை வெட்டி மாவைப் பால்மா டின்னிலோ போத்தலிலோ கொட்டிவிட்டு, பொதியை எறிந்துவிடுவோம். அங்கே தொகுதி இலக்கம் போய்விடுகிறது. எத்தனை தெளிவாக இலக்கம் எழுதினாலும் அந்த வீட்டுக்குப் பயன் இல்லை. அவர்களுக்கு வாங்கிய நாள்தான் அடையாளம். முதற் பொதி கடைக்குப் போனது ஜூன் 13; கடைகளிலிருந்து எடுத்து முடித்தது ஜூன் 27. அந்த இடைவெளியில் வாங்கிய பச்சைப் பொதி மா டின்னில் இருந்தால், இலக்கம் தெரியாவிட்டாலும் கொடுக்கக் கூடாது என்று ஒரு வரி சேர்த்தோம்.

செய்ய வேண்டியதைக் கட்டளையாக எழுதுங்கள்

'உரிய நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்' என்றால், எது உரியது என்பதை வாடிக்கையாளரே கண்டுபிடிக்க வேண்டும். இங்கே மரியாதை வினைமுடிவில் இருந்தால் போதும்: கொடுக்காதீர்கள், பாருங்கள், கொண்டு வாருங்கள். ஒரு வசனத்தில் ஒரு செயல்.

கச்சான் ஒத்துக்கொள்பவர்கள் இந்த மாவைச் சாப்பிடலாமே, அப்படி எழுதினால் என்ன என்று உரிமையாளர் கேட்டார். உண்மையில் அவர்களுக்கு இதனால் ஆபத்து இல்லை. ஆனாலும் எல்லோருக்கும் ஒரே கட்டளையே போகட்டும் என்றேன். சத்துமா பெரும்பாலும் சிறு பிள்ளைகளுக்கானது. கச்சானை இன்னும் ஒரு தடவைகூடச் சாப்பிடாத பிள்ளைக்கு ஒவ்வாமை உண்டா இல்லையா என்பது பெற்றோருக்கே தெரியாது.

பணம் திருப்பித் தருவதில் தடை வைக்காதீர்கள். சந்தியில் உள்ள கடையில் சத்துமா வாங்குகிறவர் பற்றுச்சீட்டு வைத்திருக்க மாட்டார். பற்றுச்சீட்டுக் கேட்டால் மா வீட்டிலேயே இருக்கும். தூரத்தையும் நினையுங்கள். நெடுந்தீவில் இருப்பவர் ஒரு பொதிக்காகப் படகேறிக் குறிகட்டுவானுக்கு வரமாட்டார். இலக்கம் தெரியும்படி பொதியைப் படம் எடுத்து அனுப்பினால் போதும், மாவை அங்கேயே அழித்துவிடலாம் என்று எழுதினோம்.

ஏற்கெனவே சாப்பிட்டவர்களுக்குத் தனிப் பகுதி வேண்டும். கச்சான் ஒவ்வாமை பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் தெரியும். தோல் தடிப்பு, உதடு அல்லது முகம் வீங்குதல், வாந்தி, மூச்சுத் திணறல், மயக்கம் என்று வரும். நேற்றுக் கொடுத்தும் ஒன்றும் நடக்காத பிள்ளையின் தாய் வீணாகப் பதறாமல் இருக்க, இந்த நேரக் கணக்கு உதவும்.

திருத்திய அறிவித்தல்

> சத்துமா மீளப்பெறல்: கச்சான் ஒவ்வாமை ஆபத்து
> இந்த மாவைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள்
>
> பச்சைப் பொதியில் விற்ற எங்கள் சத்துமாவில் கச்சான் (நிலக்கடலை, வேர்க்கடலை) கலந்துவிட்டது. லேபலில் அது இல்லை. கச்சான் ஒவ்வாமை உள்ளவர் இதைச் சாப்பிட்டால் மூச்சுத் திணறி உயிராபத்து ஏற்படலாம். ஒரு பிள்ளை ஏற்கெனவே வைத்தியசாலையில் சிகிச்சை பெற்றது. காய்ச்சினாலும் ஆபத்து நீங்காது.
>
> எந்தப் பொதிகள்?
> பச்சைப் பொதி, 250 கிராம், 500 கிராம் இரண்டும்.
> தொகுதி 2420, காலாவதி 2025 டிசம்பர் 10
> தொகுதி 2421, காலாவதி 2025 டிசம்பர் 11
> தொகுதி 2422, காலாவதி 2025 டிசம்பர் 12
> இலக்கம், பொதியின் பின்பக்கம் கீழ் ஓரத்தில் கறுப்பு மையில் இருக்கிறது. படத்தைப் பாருங்கள்.
> பொதியை எறிந்துவிட்டீர்களா? 2025 ஜூன் 13 முதல் ஜூன் 27 வரை வாங்கிய பச்சைப் பொதி மா என்றால் கொடுக்காதீர்கள்.
> மஞ்சள் பொதியை மீளப்பெறவில்லை. ஆனால் அதில் கச்சான் உண்டு. ஒவ்வாமை உள்ளவர்கள் அதையும் சாப்பிடக் கூடாது.
>
> என்ன செய்ய வேண்டும்?
> 1. மாவைக் கொடுப்பதை இப்போதே நிறுத்துங்கள்.
> 2. பொதியையோ டின்னில் உள்ள மாவையோ எந்தக் கடையிலும் கொடுத்து முழுப் பணத்தையும் பெறுங்கள். பற்றுச்சீட்டு வேண்டாம். வர முடியாதவர்கள் பொதியைப் படம் எடுத்துக் கீழுள்ள இலக்கத்துக்கு அனுப்பிவிட்டு மாவை அழித்துவிடுங்கள்.
> 3. வேறு யாருக்காவது கொடுத்திருந்தால், வெளிநாட்டுக்கு அனுப்பியிருந்தால், அவர்களுக்கு இன்றே சொல்லுங்கள்.
>
> சாப்பிட்ட பிள்ளைக்குத் தோல் தடித்தால், முகம் வீங்கினால், வாந்தி வந்தால், மூச்சு முட்டினால் உடனே 1990 இலக்கத்துக்கு அழைத்து நோயாளர் காவு வண்டியைக் கூப்பிடுங்கள். பொதியையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.

இதன் கீழே நிறுவனத்தின் பெயர், தொலைபேசி இலக்கம், அறிவித்தல் வெளியான திகதி ஆகியவை வந்தன. தரத்தைப் பற்றிய முதல் வசனம் போய்விட்டது. வருத்தம் தெரிவிக்கும் வரியை உரிமையாளர் விடவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. 'இயந்திரத்தைக் கழுவாமல் அரைத்தது எங்கள் தவறு. மன்னிக்க வேண்டுகிறோம்' என்று அவரே எழுதினார். அது கடைசி வரியாக நின்றது.

அச்சிடுமுன் ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள்

எழுதியவருக்கு எல்லாம் விளங்கும். ஆகவே நடந்தது எதுவும் தெரியாத ஒருவர் வேண்டும். எங்கள் அச்சகத்துக்குத் தேநீர் கொண்டுவரும் அன்ரியிடம் தாளையும் மூன்று பொதிகளையும் கொடுத்தோம்: பச்சையில் 2421, பச்சையில் 2423, மஞ்சள் ஒன்று. மூன்று கேள்வி கேட்டோம். என்ன ஆபத்து? இதில் எதைத் திருப்பிக் கொடுப்பீர்கள்? கொடுத்துவிட்டு என்ன செய்வீர்கள்?

முதலாவதையும் மூன்றாவதையும் உடனே சொன்னார். இரண்டாவதில் தடுமாறினார். பொதியில் தொகுதி இலக்கம், விலை, இரண்டு திகதிகள் எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக, ஆங்கிலச் சுருக்கெழுத்துகளோடு அச்சாகியிருந்தன. "இதில் எது பிள்ளை அந்த இலக்கம்?" என்று கேட்டார். அதன் பிறகுதான் பொதியின் பின்பக்கத்தைப் படம் எடுத்து, இலக்கத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு அறிவித்தலில் சேர்த்தோம். மேலே 'படத்தைப் பாருங்கள்' என்று இருப்பது அவரால் வந்த வரி. இவ்வாறு யாராவது தடுமாறினால் விளக்கம் சொல்லிக் கொடுக்காதீர்கள். நீங்கள் வாயால் சொல்ல நினைக்கும் விளக்கம் தாளில் இல்லை என்று அர்த்தம். அதைத் தாளில் ஏற்றுங்கள்.

பிறகு ஒருவர் தொலைபேசியில் வாசிக்க, மற்றவர் கேட்டு எழுத வேண்டும். கண் தெரியாத முதியவருக்குப் பேரப்பிள்ளை வாசித்துக் காட்டும்போது இலக்கங்கள் சரியாகப் போய்ச் சேருமா என்பது இதில் தெரியும்.

வெளியிடும்போது

அச்சிடுவதற்கு முன்பே உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ தெரிவித்து, தாளையும் காட்டுங்கள். இலங்கையில் உணவு 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்துக்கு உட்பட்டது. ஒவ்வாமைப் பொருளை லேபலில் சொல்லாமல் விற்றது தனிப்பட்ட முறையில் தீர்த்துக்கொள்ளும் காரியம் அல்ல.

சிங்களம், ஆங்கிலம் இரண்டிலும் அறிவித்தல் வேண்டும். இலக்கங்களை மூன்று மொழிக்கும் ஒரே தாளிலிருந்து எடுங்கள். ஒரு மொழியில் 2422 விடுபட்டால் அந்த மொழி படிப்பவர் அந்தப் பொதியை வைத்துக்கொள்வார்.

கடைக்குக் கொடுக்கும் தாளைப் பொருள் இருந்த தட்டிலேயே ஒட்டச் சொல்லுங்கள். காசு மேசைக்குப் பின்னால் ஒட்டினால் யாரும் பார்ப்பதில்லை. வட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக மட்டும் அனுப்பாதீர்கள். கைத்தொலைபேசியில் எழுத்து சிறுத்துவிடும், கைமாறும்போது மங்கியும் போகும். தலைப்பையும் மூன்று இலக்கங்களையும் செய்ய வேண்டியவற்றையும் எழுத்தாகவும் சேர்த்து அனுப்புங்கள். திகதி கட்டாயம் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆறு மாதம் கழித்து அது திரும்பச் சுற்றி வந்து, நல்ல பொதிகளையும் மக்கள் எறிவார்கள்.

தாளை எப்போது கழற்றலாம் என்று அந்த உரிமையாளர் இரண்டு வாரத்தில் கேட்டார். கடைகளிலிருந்து பொதிகள் திரும்பி வந்துவிட்டன, இனித் தேவையில்லை என்பது அவர் கணக்கு. ஆனால் வீட்டு டின்களில் இருக்கும் மா வந்து சேரவில்லை. கடைசித் தொகுதி காலாவதியாகும் டிசம்பர் 12 வரை தட்டில் இருக்கட்டும் என்றேன். ஜூலை முடிவில் தாள்கள் மங்கிவிட்டன என்று அவரே வந்து இன்னும் நூறு பிரதி அச்சிட்டுப் போனார்.